மையப்புள்ளி அழகன்குளத்தில் விழுகிறது, குடோனை எங்கே கட்டுவது?

வாசகர் கேள்வி: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு மளிகைச் சரக்கு மொத்தமாக அனுப்புகிறோம். மாதம் 100 டன். டவுனுக்குள் இருக்கும் வாடகைக் குடோன் போதவில்லை, சொந்தமாக விநியோக மையம் கட்டப் போகிறோம். மச்சான் எக்செல்லில் ஈர்ப்பு மையம் போட்டுப் பார்த்தான். புள்ளி அழகன்குளத்தில் விழுகிறது. அங்கே 24 லட்சத்துக்கு மனை இருக்கிறது. பட்டணம்காத்தானில் 42 லட்சம், பெருங்குளம் போகும் வழியில் 28 லட்சம். மார்க் போட்டாலும் அழகன்குளம்தான் முதலில் வருகிறது. அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கணக்குத் தாள்களை இணைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் அப்பா சொல்வதைக் கேளுங்கள். அழகன்குளத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், மச்சானிடமும் காட்டுங்கள்.

முதலில், மச்சானின் கூட்டலில் தவறு இல்லை. ஒவ்வொரு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை அந்த ஊருக்குப் போகும் டன்னால் பெருக்கி, கூட்டி, மொத்த டன்னால் வகுத்திருக்கிறார். டன்கள் B நெடுவரிசையிலும் தீர்க்கரேகை C நெடுவரிசையிலும் இருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=SUMPRODUCT(B2:B8,C2:C8)/SUM(B2:B8)
```

உங்கள் ஏழு ஊர்களை நானும் போட்டுப் பார்த்தேன். ராமேஸ்வரம் 24 டன், ராமநாதபுரம் 22, கீழக்கரை 14, தொண்டி 14, மண்டபம் 10, சாயல்குடி 10, தேவிபட்டினம் 6. விடை வடக்கு 9.36, கிழக்கு 78.96. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில்தான் அது விழுகிறது. ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடுகளும் மண்ணுக்குள் கிடைத்த பழைய துறைமுக ஊர் அது. கப்பலில் சரக்கு வந்த காலத்தில் அந்த இடத்துக்கு நியாயம் இருந்தது. உங்கள் சரக்கு மதுரையிலிருந்து லாரியில் வருகிறது.

சிக்கல் எங்கே என்றால், ஈர்ப்பு மையக் கணக்குக்குச் சாலை தெரியாது. அது காக்கை பறக்கும் தூரத்தைத்தான் பார்க்கிறது. தொண்டியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய 59 கிலோமீட்டர். அந்தக் கோடு பாக் நீரிணைக் கடல் மேலேயே போகிறது. உங்கள் வண்டி ராமநாதபுரம் வந்து திரும்பித்தான் போக வேண்டும், நீங்கள் அனுப்பிய தூரப்படி 105 கிலோமீட்டர். உள்நாட்டுச் சமவெளியில், எல்லாத் திசையிலும் சாலை பின்னிக் கிடக்கும் மாவட்டத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கடல் உள்ளே வளைந்து நிற்கும் இந்தக் கரையில் கணக்கையே கவிழ்த்துவிடும்.

இதில் இன்னொரு குறையும் இருக்கிறது. நேரான சாலையிலும் அது வரும், பலர் கவனிப்பதில்லை. ஒரே சாலை, 50 கிலோமீட்டர் என்று வையுங்கள். இந்த முனையில் 60 டன், அந்த முனையில் 40 டன். ஈர்ப்பு மையம் 20-வது கிலோமீட்டரில் கட்டச் சொல்லும். அங்கே கட்டினால் 60 டன் 20 கிலோமீட்டரும் 40 டன் 30 கிலோமீட்டரும் போக வேண்டும், டன்னைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 2,400 டன்-கிலோமீட்டர். 60 டன் முனையிலேயே கட்டினால் 40 டன் மட்டும் 50 கிலோமீட்டர் போகிறது, மொத்தம் 2,000. நடுவில் கட்டியதால் செலவு கூடிவிட்டது! காரணம், எடையிட்ட சராசரி என்பது தூரத்தின் வர்க்கத்தைக் குறைக்கும் புள்ளி, தூரத்தைக் குறைக்கும் புள்ளி வேறு. தொலைவில் இருக்கும் ஊர் தன் பங்குக்கு மேல் இழுத்துவிடும். உங்கள் கணக்கில் அப்படி இழுத்தது ராமேஸ்வரம்.

சரி, வேறு எப்படிப் பார்ப்பது? உங்கள் வரைபடத்தை எடுத்து, வண்டி உண்மையில் போகும் சாலைகளை மட்டும் பேனாவால் வரையுங்கள். மரக்கிளை போல வரும். ராமநாதபுரம் சந்திப்புதான் அடிமரம். கிழக்கே தேசிய நெடுஞ்சாலை 87-இல் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், தொண்டி. தெற்கு, தென்மேற்கில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. கிளைக்குக் கிளை குறுக்குச் சாலை என்று சொல்லும்படி எதுவும் உங்கள் வண்டிக்குப் பயன்படவில்லை.

இப்படி மரமாக இருக்கும் சாலைக்கு அட்சரேகையே வேண்டாம். ஒவ்வொரு கிளையிலும் எத்தனை டன் தொங்குகிறது என்று பாருங்கள். எந்தக் கிளையிலாவது மொத்தத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அந்தக் கிளைக்குள் நகர வேண்டும். இல்லையென்றால் சந்திப்பில் நிற்பதே மலிவு. உங்கள் கிழக்குக் கிளையில் 34, தென்மேற்கில் 24, வடக்கில் 20, சந்திப்பிலேயே 22. எதுவும் 50-ஐத் தொடவில்லை. ஆக, வெளியே அனுப்பும் செலவுக்கு மட்டும் பார்த்தால் ராமநாதபுரம் சந்திப்புதான் இடம். உள்ளே வரும் சரக்கு மதுரைப் பக்கமிருந்து வருவதால் அந்த முடிவு இன்னும் கெட்டிப்படும்.

நீங்கள் எழுதிய சாலைத் தூரங்களை வைத்து அதையும் சரிபார்த்தேன். சந்திப்பிலிருந்து அனுப்பினால் மாதம் 3,238 டன்-கிலோமீட்டர். அழகன்குளத்திலிருந்து அனுப்பினால் 4,018. ராமேஸ்வரத்துக்கும் மண்டபத்துக்கும் தூரம் 12 கிலோமீட்டர் குறைகிறது, உண்மைதான். ஆனால் தொண்டி, கீழக்கரை, சாயல்குடி, டவுன் என்று மற்ற எல்லா ஊருக்கும் 18 கிலோமீட்டர் கூடுகிறது. 780 டன்-கிலோமீட்டர் அதிகம், அதாவது கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு.

இதை ரூபாயாக மாற்றுங்கள். உங்கள் லோடு வண்டிக்கு டீசல், டிரைவர், தேய்மானம் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரி 1 டன் ஏற்றிப் போய் காலியாகத் திரும்புகிறது. அப்படியானால் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக 40 ரூபாய். மதுரையிலிருந்து வரும் பெரிய லாரிக்கு அதே வேலை 4 ரூபாயில் முடிகிறது. அழகன்குளம் என்றால் வெளியே அனுப்ப 31,200 ரூபாயும், உள்ளே கொண்டுவர (18 கிலோமீட்டர், 100 டன்) 7,200 ரூபாயும் மாதாமாதம் கூடுதல். மொத்தம் 38,400. சந்திப்பை ஒட்டிய பட்டணம்காத்தானைவிட மனை 18 லட்சம் மலிவு. ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 15,000 ரூபாய் மிச்சம். 15,000 மிச்சம் பிடிக்க 38,400 செலவழிப்பீர்கள். அழகன்குளம் இங்கேயே கழிந்துவிட்டது, மார்க் தாளுக்கே போக வேண்டியதில்லை.

பெருங்குளம் வழி மனை அப்படி இல்லை, அது யோசிக்க வைக்கிறது. சந்திப்பிலிருந்து 8 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அங்கே போனால் கிழக்குக் கிளையின் 34 டன்னுக்கு 8 கிலோமீட்டர் குறையும், மற்ற 66 டன்னுக்கு 8 கிலோமீட்டர் கூடும். நிகரம் 256 டன்-கிலோமீட்டர், அதாவது 10,240 ரூபாய். லாரிக்கு 3,200. மொத்தம் 13,440. மனையில் 14 லட்சம் மிச்சம், வட்டிக்கணக்கில் மாதம் ஏறக்குறைய 11,700. வித்தியாசம் 1,700 ரூபாய் சொச்சம். டீசல் விலை கொஞ்சம் அசைந்தாலே இது தலைகீழாகும். பணக்கணக்கில் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஒரே நடையில் நாலைந்து கடை இறக்குவதால் டன்-கிலோமீட்டர் என்பதே தோராயம்தான். ஆனால் இங்கே நாம் பார்ப்பது இடங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தை. தோராயம் மூன்று இடத்துக்கும் ஒன்றுபோல இருப்பதால் ஒப்பிடப் போதும். ஒன்று மட்டும் திருத்துங்கள். சிப்ஸ், அப்பளம் போன்ற சரக்கு எடையில்லாமலே வண்டியை நிரப்பிவிடும். அரிசி மூட்டை பாதி வண்டியிலேயே எடை தட்டிவிடும். டன்னுக்குப் பதில் ஊருக்கு மாதம் எத்தனை நடை என்று போட்டுக் கிளைகளை மறுபடி கூட்டிப் பாருங்கள். ராமேஸ்வரத்துக்கு பிஸ்கட், தண்ணீர் பாட்டில் அதிகம் போகிறது என்றால் கிழக்குக் கிளையின் பங்கு 34-க்கு மேலே வரலாம். அது 37-ஐத் தாண்டினால் பெருங்குளம் மலிவாகிவிடும். பங்கு மாறாமல் மொத்த விற்பனை மட்டும் கூடினால் பட்டணம்காத்தான் பக்கம் சாயும்.

அப்புறம், ஒரு மாதக் கணக்கை வைத்து இதைச் செய்யாதீர்கள். நீங்கள் அனுப்பியது மே மாதத் தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் மண்டபத்திலும் தொண்டியிலும் கடைக்காரர் வாங்குவதே வேறு மாதிரி. ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்துக்கு ஓடும் சரக்கு மே மாதத் தாளில் வராது. 12 மாத பில்லை எடுத்து ஊர்வாரியாகக் கூட்டுங்கள்.

இனி மார்க் தாள். அதில்தான் அழகன்குளத்தை முதலாவதாக்கிய தவறு இருக்கிறது. “மையப்புள்ளிக்கு அருகாமை” என்று 20 மார்க், “டீசல் செலவு” என்று 20 மார்க் வைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே விஷயம், இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள். மையப்புள்ளியே தவறாக இருந்ததால் தவறும் சேர்ந்தே வந்துவிட்டது. “மனை விலை” 40 மார்க். விலையை இப்போதுதான் வட்டியாக்கி டீசலோடு கழித்துப் பார்த்தோம், அதை மறுபடி மார்க்காக்கத் தேவையில்லை. ரூபாயில் சொல்ல முடிகிற எதையும் நான் மார்க் தாளில் விடமாட்டேன். ரூபாயில் அடங்காததற்குத்தான் அந்தத் தாள்.

மார்க் போடுவதற்கு முன்னால், போடவே கூடாத மனைகளைத் தள்ளிவிட வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். கடல் ஓதம் ஏறித் தொடும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், ஓதம் ஏறும் கழிமுக ஓடைகளின் கரையும் அதில் சேரும். வருவாய்ப் பதிவேட்டில் அந்தப் புல எண் கண்மாய், வாய்க்கால், ஊருணி புறம்போக்கு என்று எங்காவது தொடுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். கண்மாய் வறண்டு சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தாலும் பதிவேட்டில் அது கண்மாய்தான். இவற்றில் ஒன்றில் சிக்கினாலும் அந்த மனைக்கு மார்க் கிடையாது. மற்றவற்றில் 90 வாங்கி இதை ஈடுகட்ட முடியாது.

மீதி இரண்டு மனையும் இதில் தேறினால் நான் வைக்கும் தாள் இது. மழைநீர் தேங்காமை 40, லாரி வந்து திரும்பும் வசதி 25, லோடுமேன், டிரைவர் கிடைப்பது 20, பின்னாளில் நீட்டிக்கட்ட இடம் 15. ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண். நீங்கள் அனுப்பிய படங்களையும் குறிப்புகளையும் வைத்துப் பட்டணம்காத்தான் மனைக்கு 5, 8, 9, 3 போட்டேன். பெருங்குளம் வழி மனைக்கு 8, 7, 5, 8. பெருக்கிக் கூட்டினால் 625-க்கு 715. பெருங்குளம் 90 முன்னே.

உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எடையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும். உங்கள் தொழிலில் ஆட்கள்தான் பெரிய தலைவலி என்று 20-ஐ 35 ஆக்கி, மழைநீரை 25 ஆக்கினால் பட்டணம்காத்தான் 685, பெருங்குளம் 670. முடிவு மாறிவிடுகிறது. ஆக, வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது எந்த மனை என்பதைப் பற்றி இல்லை. ஆள் கிடைப்பது முக்கியமா, தண்ணீர் தேங்காமல் இருப்பது முக்கியமா, இந்த ஒன்றைத்தான் பேச வேண்டும். அதையும் மனையைப் பார்க்கப் போவதற்கு முன்பே பேசி எழுதிவையுங்கள். மனையைப் பார்த்து மனசு ஒட்டிய பிறகு எடை போட்டால், பிடித்த மனை ஜெயிக்கிற மாதிரிதான் எண்கள் வரும். மதிப்பெண்ணை அப்பாவும் மச்சானும் தனித்தனித் தாளில் போடட்டும். எதில் இருவருக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் வருகிறதோ, அதற்கு மறுபடி நேரில் போய்ப் பாருங்கள்.

மழைநீருக்கு நான் 40 வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு இந்தக் கரையோரம் ஒரு மொத்த வியாபாரிக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன். மே மாதம் போய்ப் பார்த்தேன். தரை பாறை மாதிரி காய்ந்து கிடந்தது, தண்ணீர் தேங்காமைக்கு 8 போட்டேன். நவம்பரில் கூப்பிட்டார்கள். கிட்டங்கிக்குள் தண்ணீர் ஏறவே இல்லை, வாசலில்தான் கணுக்கால் அளவு நின்றது. ஆனால் அட்டியில் அடி வரிசைச் சர்க்கரை மூட்டையைத் தொட்டுப் பார்த்தபோது சாக்கு விரலில் ஒட்டியது. தரைக்குக் கீழிருந்து ஈரம் ஏறியிருந்தது. மேல் வரிசை மூட்டைகள் எல்லாம் நன்றாக இருந்ததால் ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. அடி வரிசை முழுவதும் கட்டிதட்டிப் போயிருந்தது. அந்த மே மாதத்து 8 என் தவறு.

அதனால் இதை மழைக்காலத்தில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. பெரிய மழை பெய்த மறுநாள் காலையிலும் மூன்றாம் நாள் காலையிலும் போங்கள். மறுநாள் எங்கேயும் தண்ணீர் நிற்கும், மூன்றாம் நாளும் நின்றால்தான் கவலை. அதுவரை காத்திருக்க முடியாது என்றால், பக்கத்து வீட்டுச் சுவர், மோட்டார் அறை, மின்கம்பத்தின் அடி எல்லாவற்றிலும் மங்கிய பழுப்புக் கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். அது பழைய தண்ணீர் நின்ற மட்டம். சாலையின் நடுமட்டத்தைவிட மனை எத்தனை அடி கீழே இருக்கிறது என்று டியூப் லெவல் வைத்து அளந்து கொள்ளுங்கள். பட்டணம்காத்தான் மனையின் படத்தில் வேலி ஓரம் கோரை வளர்ந்திருக்கிறது. தண்ணீர் நின்று வடியும் இடத்தில்தான் அது பெரும்பாலும் வரும். நான் 5 போட்டது அதைப் பார்த்துத்தான்.

மனையை மண் அடித்து உயர்த்திவிடலாமே என்று மச்சான் கேட்பார். கேட்கட்டும், அது நல்ல கேள்வி. எத்தனை லோடு மண், என்ன விலை என்று விசாரித்து 42 லட்சத்தோடு சேர்த்து எழுதுங்கள். உயர்த்தி முடித்ததும் மழைநீருக்கு 5 இருந்த இடத்தில் 8 வரும். 42 இருந்த இடத்தில் வேறு எண் வரும். அப்போது மாத வட்டியும் கூடும், 1,700 ரூபாய் வித்தியாசம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

லாரி திரும்புவதையும் தாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மதுரையிலிருந்து வரும் லாரி டிரைவர் ஒருவரை, சரக்கோடு, பெருங்குளம் வழி மனை வாசல் வரை வரச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் எதிர்ப்புறமிருந்து வந்து எங்கே யூ-டர்ன் போடுகிறார், பின்னால் எடுக்க எத்தனை முறை முன்னும் பின்னும் அசைக்கிறார் என்று நின்று பாருங்கள். மூன்று முறைக்கு மேல் என்றால் 7 என்று நான் போட்டதை 4 ஆக்குங்கள்.

கடைசியாக ஒன்று, ராமேஸ்வரம். உங்கள் மொத்த டன்-கிலோமீட்டரில் 1,320 அந்த ஒரு ஊருக்கே போகிறது, ஐந்தில் இரண்டு பங்கு. தீவுக்குள்ளே ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, மதுரையிலிருந்து வரும் லாரிகளில் மாதம் இரண்டை இறக்காமல் நேரே அங்கே அனுப்ப முடியுமா என்று பாருங்கள். 24 டன்னில் 20 டன் அப்படிப் போனால் உங்கள் கிழக்குக் கிளை 14 டன்னாகச் சுருங்கிவிடும். பெருங்குளத்துக்கு இருந்த காரணமே போய், சந்திப்புக்குப் பக்கத்தில் சின்ன குடோன் போதும் என்று வரலாம். புயல் எச்சரிக்கை வந்து பாம்பனில் போக்குவரத்து நிற்கும் நாட்களிலும் தீவுக் கடைகளுக்குக் கொடுக்கச் சரக்கு கையில் இருக்கும். 12 மாத பில்லைக் கூட்டும்போது ராமேஸ்வரத்தைத் தனி வரிசையாக வைத்து, அது இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் ஒரு கணக்கு என்று இரண்டாகப் போட்டு எனக்கு அனுப்புங்கள். மனைக்கு முன்பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.